தீபாவளிக்கு சுங்கை சிப்புட்: எந்தச் செயலியில் டிக்கெட் தேடுவது?

"ஐயா, நான் ஜொகூர் பாருவில் வேலை செய்கிறேன். மனைவி, ஒன்பது வயது மகன், ஐந்து வயது மகளோடு தீபாவளிக்குச் சுங்கை சிப்புட்டில் இருக்கும் அம்மா வீட்டுக்கு வர வேண்டும். ரயில், பஸ், விமானம் மூன்றையும் ஒரே இடத்தில் தேடி விலையை ஒப்பிட்டுப் பார்க்க எந்த இலவசச் செயலி நல்லது? நான்கைந்தை இறக்கி வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விலை சொல்கிறது."

தம்பி, மூன்றையும் ஒழுங்காகப் பார்க்கும் ஒரே செயலி நம் ஊருக்குக் கிடையாது. ரயிலுக்கு KTMB Mobile, பஸ்ஸுக்கு Easybook, redBus இரண்டும், விமானத்துக்கு Skyscanner. இந்த நான்கு போதும், மற்றவற்றை அழித்துவிடுங்கள். ஒப்பிடும் வேலையை மட்டும் செயலியிடம் விடாதீர்கள். அதற்கு ஒரு தாளும் பேனாவும் வேண்டும். ஏன் என்று கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

தோட்டத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வீடு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில். அதனாலோ என்னவோ, தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து கைப்பேசியோடு வந்துவிடுவார்கள். "மகன் சிங்கப்பூரில் இருக்கிறான், மகள் ஜேபியில் இருக்கிறாள், ஒரு டிக்கெட் பார்த்துக் கொடுங்கள்" என்பார்கள். ஒருவருக்குப் பார்த்துக் கொடுத்தால் அடுத்த நாள் மூவர் வருவார்கள். அப்படிப் பார்த்துப் பார்த்துப் பழகியதைத்தான் எழுதுகிறேன்.

உங்கள் கைப்பேசியில் இருக்கும் செயலிகள் இரண்டு சாதி. ஒன்று வழி காட்டுவது, இன்னொன்று டிக்கெட் விற்பது. Rome2Rio முதல் சாதி. ஜொகூர் பாரு என்றும் சுங்கை சிப்புட் என்றும் போட்டால், ரயிலில் இப்படி, பஸ்ஸில் இப்படி, விமானத்தில் இப்படி என்று எல்லா வழியையும் ஒரே திரையில் விரித்துவிடும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அதில் வரும் விலை பெரும்பாலும் உத்தேச விலை, 'இவ்வளவிலிருந்து இவ்வளவு வரை' என்ற கணக்கு. நவம்பர் 6 இரவுக்கு உண்மையில் இருக்கை இருக்கிறதா, அன்று என்ன விலை என்பது அந்த எண்ணில் இல்லை. விற்கும் செயலியோ தன்னிடம் இருக்கும் இருக்கையைத்தான் காட்டும், தன்னிடம் இல்லாத நிறுவனம் உலகத்திலேயே இல்லை என்பதுபோல் நடந்துகொள்ளும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விலை சொல்வதற்கு இதுவே காரணம். ஒன்று ஊகம் சொல்கிறது, ஒன்று தன் கடையில் இருப்பதைச் சொல்கிறது, ஒன்று கட்டணம் சேர்க்கும் முன் சொல்கிறது, இன்னொன்று சேர்த்த பின் சொல்கிறது.

வழி காட்டும் செயலியை ஒரே ஒரு முறை திறந்து, என்னென்ன வழி உண்டு என்று தெரிந்துகொண்டு மூடிவிடுங்கள். அப்போது அதன் தகவல் பழையதா புதியதா என்று சோதிக்க நம் பாதையிலேயே ஓர் அடையாளம் இருக்கிறது. ஜேபியிலிருந்து ரயிலில் வடக்கே வர வேண்டுமானால் முன்பு கிம்மாஸில் இறங்கி மாற வேண்டியிருந்தது. அதுவரை டீசல் வண்டி, அங்கிருந்துதான் மின் ரயில். 2025 டிசம்பரிலிருந்து இடிஎஸ் என்ற அந்த மின் ரயிலே ஜேபி சென்ட்ரல் வரை ஓடுகிறது. இன்னும் 'கிம்மாஸில் மாறவும்' என்று சொல்லும் செயலியின் பழைய புத்தி அதிலேயே தெரிந்துவிடும். அது சொல்லும் நேரத்தையும் விலையையும் நம்பாதீர்கள்.

இரண்டாவது சோதனை நம் ஊர் பெயர். தேடும் இடத்தில் `Sungai Siput` என்று அடித்துப் பாருங்கள். சிலவற்றில் `Sungai Siput (U)` என்று இருக்கும். அந்த 'யு' உத்தாரா, அதாவது வடக்கு. அதுவும் நம் ஊர்தான். பெயரே வராத செயலியில் ஈப்போ மட்டும்தான் இருக்கும். அதில் தேடினால் வழியே ஈப்போவோடு முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்வீர்கள். அம்மா வீட்டுக்கு வரும் கடைசி முப்பது கிலோமீட்டருக்கு யார் காசு கொடுப்பது என்று அந்தச் செயலி யோசிப்பதில்லை. தோட்டத்து ஊர்க்காரர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

கணக்குக்கு வருகிறேன். கீழே வரும் விலைகள் கணக்குப் புரிவதற்காக நானே வைத்துக்கொண்ட எண்கள். நீங்கள் தேடும் நாளில் திரையில் வருவதை அவற்றின் இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு வழிப் பயணத்துக்கு மட்டும் பார்ப்போம்.

லார்கினிலிருந்து ஈப்போ அமான்ஜெயா முனையத்துக்கு பஸ் 75 ரிங்கிட். ஜேபி சென்ட்ரலிலிருந்து கே.எல். சென்ட்ரலுக்கு ரயில் 80, அங்கிருந்து சுங்கை சிப்புட்டுக்கு 45, ஆக 125. செனாயிலிருந்து ஈப்போவுக்கு விமானம் 129. திரையில் இப்படி வந்தால் என்ன தோன்றும்? பஸ் மிகவும் மலிவு, ரயிலுக்கும் விமானத்துக்கும் நான்கு ரிங்கிட்தான் வித்தியாசம், அப்படியானால் விமானத்திலேயே போய்விடலாமே என்று தோன்றும். போன ஆண்டு என் பக்கத்து வீட்டுப் பையனுக்கும் அப்படித்தான் தோன்றியது.

இப்போது நான்கு பேரையும் வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசலுக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். மலிவு விலை விமானத்தில் இரண்டு வயது முடிந்த குழந்தைக்கு முழு இருக்கை, முழு விலை. நான்கு பேருக்கு 516. கையில் கொண்டுபோகும் சாமானுக்கு ஒருவருக்கு ஏழு கிலோ என்று வைத்திருப்பார்கள். புதுத்துணி, பலகாரம், அம்மாவுக்கு ஒரு குக்கர் என்று கிளம்பினால் ஒரு பெட்டியையாவது காசு கட்டித்தான் ஏற்ற வேண்டும். அதற்கு 60. வீட்டிலிருந்து செனாய்க்கு வாடகைக் கார் 45. ஈப்போ விமான நிலையத்திலிருந்து சுங்கை சிப்புட்டுக்கு 60. கூட்டினால் 681 ரிங்கிட்.

பஸ்ஸில் நான்கு இருக்கை 300. செயலியின் சேவைக் கட்டணம் ஆளுக்கு இரண்டு ரிங்கிட் என்று 8. அமான்ஜெயாவிலிருந்து வீட்டுக்கு வாடகைக் கார் 45. மொத்தம் 353. அமான்ஜெயா ஈப்போ நகரத்துக்குள் இல்லை, வடக்கே மேரு ராயாவில் இருக்கிறது. ஈப்போக்காரர்கள் அதைத் திட்டுவார்கள். நமக்கு அதுவே வசதி, நம் ஊர்ப் பக்கமாகவே வந்து இறங்கிவிடுகிறோம்.

ரயிலில் பிள்ளைகளுக்குக் குழந்தைக் கட்டணம் உண்டு, உங்கள் பிள்ளைகள் இருவருமே அந்த வயதில்தான் இருக்கிறார்கள். பாதி விலை என்று போட்டால் பெரியவர் இருவருக்கு 250, பிள்ளைகள் இருவருக்கு 125, மொத்தம் 375. நிலையத்திலிருந்து வீட்டுக்கு உங்கள் அப்பா காரோடு வந்து நிற்பார். அதற்குக் கட்டணம் இல்லை, கொஞ்சம் வசவுதான் இருக்கும். உங்கள் வீட்டிலிருந்து லார்கினுக்கோ ஜேபி சென்ட்ரலுக்கோ போகும் செலவை இந்த இரண்டிலும் நான் சேர்க்கவில்லை, அதை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

திரையில் 75, 125, 129 என்று இருந்தது தாளில் 353, 375, 681 ஆகிவிட்டது. பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் இருந்த பெரிய இடைவெளி, நான்கு பேருக்கும் சேர்த்து 22 ரிங்கிட்டாகச் சுருங்கிவிட்டது. விமானமும் ரயிலும் ஒன்று என்று தெரிந்தது ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிட்டது. ஒண்டிக்கட்டையாக, தோள்பையோடு மட்டும் வரும் ஒருவருக்கு இதே விலையில் கணக்கு வேறு மாதிரி வரும். அவருக்கு விமானம் அவ்வளவு மோசமில்லை. செயலி காட்டும் விலை எப்போதும் அந்த ஒண்டிக்கட்டையின் விலைதான். குடும்பத்தோடு வருகிறவர் எந்தச் செயலியிலும் நான்கு பேரைப் போட்டு, பிள்ளைகளின் வயதையும் கொடுத்து, பணம் கட்டும் கடைசித் திரை வரை போய், அங்கே நிற்கும் தொகையைத்தான் எழுதிக்கொள்ள வேண்டும். பணம் கட்டாமல் அங்கிருந்து திரும்பி வந்துவிடலாம், யாரும் கோபிக்க மாட்டார்கள். பிடித்து வைத்த இருக்கை சில நிமிடத்தில் தானாக விடுபட்டுவிடும்.

உங்கள் குடும்பத்துக்கு நான் ரயிலைத்தான் சொல்வேன். காரணம் விலை மட்டும் இல்லை. ஜேபியிலிருந்து ஈப்போ ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். சாதாரண நாளிலேயே பஸ் ஏழெட்டு மணி நேரம் ஓடும். செயலியில் வரும் 'சேரும் நேரம்' அந்தச் சாதாரண நாளின் நேரம்தான். பண்டிகைக்கு முந்தைய வெள்ளி இரவு வடக்கு தெற்கு நெடுஞ்சாலை எப்படி இருக்கும் என்பது அதற்குத் தெரியாது. இதில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. ஜொகூரில் முன்பு வார விடுமுறை வெள்ளியும் சனியும். அதனால் ஜேபிக்காரர்கள் பலர் வியாழன் மாலையே கிளம்பிவிடுவார்கள், சாலை பங்கு பிரிந்தது. 2025 ஜனவரியிலிருந்து ஜொகூருக்கும் சனி, ஞாயிறுதான் விடுமுறை. இந்த 2026 தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. கோலாலம்பூர்க்காரரும் ஜொகூர்க்காரரும் ஒரே வெள்ளி மாலையில் சாலைக்கு வருவார்கள். ஐந்து வயதுப் பிள்ளையோடு அந்த நெரிசலில் உட்கார்ந்திருப்பது எனக்கு ஒப்பவில்லை.

ரயிலுக்கு KTMB Mobile என்று சொன்னதற்குக் காரணம், அது இருக்கையை வைத்திருப்பவரின் சொந்தக் கடை. ரயில் டிக்கெட்டையும் சேர்த்து விற்கும் பஸ் செயலிகள் உண்டு. அவை தங்கள் கட்டணத்தை மேலே வைக்கலாம். நாளை டிக்கெட்டை மாற்ற வேண்டுமென்றால் நீங்கள் நடுவில் நிற்பவரிடம் போய் நிற்க வேண்டும். பண்டிகைக் கால டிக்கெட்டை எந்த நாள் திறக்கிறோம் என்று கேடிஎம்பி முன்கூட்டியே அறிவிக்கும். அன்று காலையில் செயலிக்குள் நுழைய முயல்வோரை நினைத்துப் பாருங்கள். அந்த நாளில் புதிதாகக் கணக்குத் திறந்து, மின்னஞ்சலில் வரும் உறுதிப்படுத்தலைத் தேடிக்கொண்டிருந்தால் டிக்கெட் போய்விடும். இன்றைக்கே கணக்கைத் திறந்து வையுங்கள். நான்கு பேரின் முழுப் பெயரும் எண்ணும், உங்களுக்கும் மனைவிக்கும் மைகார்டு, பிள்ளைகளுக்கு மைகிட், ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் இருக்கட்டும். கைப்பேசிக்குள் தேடுவதைவிடத் தாளைப் பார்த்து அடிப்பது வேகம். முன்பெல்லாம் இதற்காக விடியற்காலையில் போய் நிலையத்து முகப்பில் வரிசையில் நிற்போம். முன்னால் நிற்பவர் எத்தனை டிக்கெட் எடுக்கிறார் என்று எட்டிப் பார்க்கும் அந்தப் பதற்றம் இன்னும் இருக்கிறது, வரிசைதான் கண்ணுக்குத் தெரிவதில்லை.

தேடும் முறையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஜேபி சென்ட்ரலிலிருந்து சுங்கை சிப்புட் என்று ஒரே வீச்சில் தேடிவிட்டு, ஒன்றும் வரவில்லை என்றதும் 'டிக்கெட் முடிந்துவிட்டது' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். செயலி நேரடி வண்டியைத்தான் தேடுகிறது. நேரடியாக வந்தால் நல்லது. வராவிட்டால் இரண்டு துண்டாக, ஜேபி சென்ட்ரலிலிருந்து `KL Sentral`, பிறகு அங்கிருந்து `Sungai Siput` என்று தனித்தனியாகத் தேடுங்கள். முதலில் இரண்டாவது துண்டைப் பாருங்கள், ஏனென்றால் இடுக்கான பகுதி அதுதான். வடக்கே போகும் எல்லா இடிஎஸ் வண்டியும் நம் ஊரில் நிற்பதில்லை. ஈப்போவில் நிற்கும் வண்டிகளோடு ஒப்பிட்டால் நமக்கு நிற்பவை குறைவு. அந்தச் சில வண்டிகளில் இடம் கிடைக்கும் நேரத்தை வைத்துக்கொண்டு, அதற்கு ஏற்றபடி ஜேபியிலிருந்து புறப்படும் வண்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தலைகீழாகச் செய்தால் கே.எல். சென்ட்ரலில் பிள்ளைகளோடு ஆறு மணி நேரம் உட்கார நேரிடும்.

இரண்டு தனி டிக்கெட் என்றால் நடுவில் ஏற்படும் தாமதத்துக்கு நீங்கள்தான் பொறுப்பு. முதல் வண்டி தாமதமாகி இரண்டாவது போய்விட்டால் அந்த டிக்கெட் வெறும் காகிதம். ஜேபியிலிருந்து கே.எல். சென்ட்ரல் சுமார் நாலரை மணி நேரம். சேரும் நேரத்துக்கும் அடுத்த வண்டிக்கும் இடையில் குறைந்தது இரண்டு மணி நேரம் விடுங்கள். பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டு, கழிவறைக்குப் போய்வரவும் அது சரியாக இருக்கும். பண்டிகை நாளில் நுழைவாயிலில் கூட்டம் இருக்கும், வண்டி கிளம்பும் முன்பே வாயிலை மூடிவிடுவார்கள்.

சுங்கை சிப்புட்டுக்கு ஒன்றுமே இல்லை என்றால் அதே நாளுக்கு ஈப்போவைப் பாருங்கள், பிறகு கோலகங்சாரைப் பாருங்கள். ஒன்று நமக்குத் தெற்கே, மற்றது வடக்கே, இரண்டுமே காரில் அதிக நேரம் ஆகாத ஊர்கள். போன முறை ஒரு பிள்ளைக்குப் பார்த்தபோது நம் ஊருக்கும் இல்லை, ஈப்போவுக்கும் இல்லை, கோலகங்சாருக்கு இரண்டு இருக்கை இருந்தது. அப்பா மோட்டார் சைக்கிளிலும் இன்னொருவர் காரிலுமாகப் போய் அழைத்து வந்தார்கள். எதுவும் கிடைக்கவில்லை என்றாலும் செயலியை அழித்துவிடாதீர்கள். பண்டிகைக்குக் கூடுதல் இடிஎஸ் வண்டி விடுவது கேடிஎம்பியின் வழக்கம். அவை பிறகுதான் திரைக்கு வரும். திட்டம் மாறியவர்கள் திருப்பிக் கொடுக்கும் இருக்கைகளும் அவ்வப்போது வந்து விழும். நான் இரவு படுக்கும் முன் ஒரு முறை, காலையில் ஒரு முறை பார்ப்பேன்.

ரயில் கைகூடவில்லை என்றால் பஸ். அதற்கு இரண்டு செயலி வைத்துக்கொள்ளச் சொன்னதற்குக் காரணம் உண்டு. எல்லா பஸ் நிறுவனமும் எல்லாச் செயலியிலும் இருக்கைகளைக் கொடுப்பதில்லை. ஒன்றில் முடிந்துவிட்டது என்று காட்டும் அதே பஸ்ஸில் இன்னொன்றில் மூன்று இருக்கை இருக்கும். இரண்டிலும் இல்லை என்றால் லார்கின் முகப்புக்கு ஒரு நடை போய்க் கேளுங்கள். பண்டிகைக்கு விடும் கூடுதல் பஸ்கள் கடைசி நேரத்தில்தான் வரும். பஸ் செயலியில் நீங்கள் பார்க்க வேண்டியவை விலைக்குப் பக்கத்தில் சிறு எழுத்தில் இருக்கும். எங்கே ஏற வேண்டும், எங்கே இறக்கிவிடுவார்கள் என்பதைத் திறந்து படியுங்கள். 'ஈப்போ' என்று மட்டும் போட்டிருந்தால் போதாது, அமான்ஜெயாவா வேறு இடமா என்று தெரிய வேண்டும். சில பஸ்கள் ஈப்போவைத் தாண்டி வடக்கே போகும், அவற்றில் நம் ஊருக்கு ஏதாவது நிறுத்தம் போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். நள்ளிரவுக்குப் பின் புறப்படும் பஸ் என்றால் தேதியை இரண்டு முறை பார்க்க வேண்டும். வெள்ளி இரவு பன்னிரண்டரை என்று நாம் சொல்வது செயலிக்குச் சனிக்கிழமை. வெள்ளிக்கு எடுத்தால் ஒரு நாள் முன்பே உங்கள் பஸ் போயிருக்கும்.

விமானத்தைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். Skyscanner தேடுவதற்கு மட்டும். செனாயிலிருந்து ஈப்போவுக்கு நேரடி விமானம் போவது சுமார் ஒன்றரை மணி நேரம், எண்ணிக்கை மிகக் குறைவு. அது நிரம்பிவிட்டால் செயலி விடாது, வேறு ஊர் வழியாகச் சுற்றிப் போகும் நீண்ட பயணத்தை எடுத்துக் காட்டலாம். நேரடி விமானம் மட்டும் வேண்டும் என்ற வடிகட்டியைப் போட்டுவிடுங்கள். எது பிடித்திருக்கிறதோ அதை அந்த விமான நிறுவனத்தின் சொந்தச் செயலியில் போய் வாங்குங்கள். தேடல் செயலி கைகாட்டும், பெயர் கேள்விப்படாத இணைய முகவரிடம் பத்து ரிங்கிட் மிச்சம் பிடிக்கப் போனால், பெயரில் ஓர் எழுத்துத் தவறினாலும் திருத்த அவர் பின்னால் அலைய வேண்டும். விமான டிக்கெட்டில் ஒரு பாதுகாப்பு உண்டு. 2016ஆம் ஆண்டு விமானப் பயணிகள் பாதுகாப்பு விதிகளின்படி, விலை என்பது எல்லா வரியும் கட்டணமும் சேர்ந்த முழு விலையாகக் காட்டப்பட வேண்டும், நீங்கள் கேட்காத எதையும் முன்பே தேர்வு செய்து வைக்கக் கூடாது. மத்தாப்பும் வெடியும் விமானத்தில் ஏறாது, பெட்டியிலும் கூடாது. பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

'இலவசச் செயலி' என்று கேட்டீர்கள். இறக்குவது இலவசம், அவ்வளவுதான். அது எங்கே காசு பார்க்கிறது என்பதைக் கடைசித் திரையில் பார்க்கலாம். சேவைக் கட்டணம் ஒரு வரி. பயணக் காப்பீடு ஒரு வரி, சில பஸ் செயலிகளில் அதற்கு எதிரே சரிக்குறி ஏற்கெனவே இருக்கும், எடுத்துவிடலாம். அட்டையில் கட்டினால் ஒரு விலை, வங்கிப் பரிமாற்றத்தில் கட்டினால் ஒரு விலை என்றும் இருக்கும். இன்னொன்று, டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தால் பணம் எங்கே வரும் என்பது. இதில் நான் பட்ட அனுபவம் ஒன்று உண்டு.

ஒரு தீபாவளிக்கு என் தங்கை குடும்பத்துக்கு ஒரு செயலியில் பஸ் டிக்கெட் எடுத்தேன், பெயர் வேண்டாம். வங்கியில் பணம் கழிந்துவிட்டது, செயலியோ சுற்றிச் சுற்றி நின்று 'தோல்வி' என்றது. இருக்கை போய்விடுமே என்ற பயத்தில் உடனே இரண்டாம் முறை கட்டினேன். கால் மணி நேரம் கழித்து இரண்டு டிக்கெட்டும் மின்னஞ்சலில் வந்து சேர்ந்தன. ஐந்து பேருக்கு பத்து இருக்கை. ஒரு தொகுதியைத் திருப்பினேன். மூன்று வாரம் கழித்துப் பணம் வந்தது, வங்கிக்கு அல்ல, அந்தச் செயலிக்குள் இருக்கும் பணப்பைக்கு. அதைச் செலவழிக்க வேண்டுமென்றால் அங்கேயே இன்னொரு டிக்கெட் வாங்க வேண்டும். அந்தச் சிறு எழுத்தை நான் முன்பே படித்திருக்க வேண்டும், படிக்கவில்லை.

அதனால் பணம் கழிந்தும் டிக்கெட் வரவில்லை என்றால் மீண்டும் கட்டாதீர்கள். வங்கிச் செயலியில் அந்தப் பரிமாற்றம் முடிந்ததா, நிலுவையில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தத் திரையையும் பரிமாற்ற எண்ணையும் படம் எடுத்து வையுங்கள். டிக்கெட் செயலியில் 'என் பயணங்கள்' பக்கத்தையும், மின்னஞ்சலில் தேவையற்றவை பெட்டியையும் பாருங்கள். அரை மணி நேரம் பொறுத்தும் இல்லை என்றால் மட்டுமே வேறு டிக்கெட். அப்போதும் வேறு செயலியில் எடுப்பது நல்லது, திக்கிக்கொண்டிருக்கும் அதே வாசலில் மறுபடியும் முட்டிக்கொள்ள வேண்டாம்.

செயலியைக் கைப்பேசியின் கடையிலிருந்து மட்டுமே இறக்குங்கள், யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய இணைப்பிலிருந்து வேண்டாம். 'தீபாவளி டிக்கெட் கைவசம் உள்ளது' என்று முகநூலில் விற்பவரிடம் போகவே வேண்டாம். அப்படி யாருக்காவது பணம் போய்விட்டால் உடனே 997 எண்ணுக்கு அழைக்க வேண்டும். தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண் அது, எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு.

உங்கள் தேதிக்கு வருகிறேன். தீபாவளி ஞாயிற்றுக்கிழமை வருவதால் திங்கள் மாற்று விடுமுறை. திங்கள் பிற்பகலுக்கு மேல் தெற்கே போகும் எல்லாமே நிரம்பி வழியும், செவ்வாய் வேலை இருக்கிறது என்பது எல்லோருக்கும் ஒன்றுதான். வரும்போது வெள்ளி இரவு, சனி காலை, சனி மதியம் என்று மூன்று வாய்ப்பு இருக்கிறது, திரும்பும்போது அந்த ஒரு பிற்பகல்தான். அதனால் டிக்கெட் திறக்கும் நாளில் முதலில் திரும்பும் டிக்கெட்டை எடுங்கள், அதிலும் சுங்கை சிப்புட்டிலிருந்து கே.எல். சென்ட்ரல் துண்டை முதலில். அது கையில் வந்த பிறகு ஜேபிக்கு. அதற்கும் பிறகு வரும் டிக்கெட். மனைவியின் கைப்பேசியிலும் இதே செயலியில் கணக்குத் திறந்து, ஒருவர் போக, ஒருவர் வர என்று ஒரே நேரத்தில் தேடலாம். ஒரே துண்டை இருவரும் எடுத்துவிடாதபடி யார் எதை எடுப்பது என்று முந்தைய இரவே பேசிக்கொள்ளுங்கள்.

எல்லாம் எடுத்து முடித்ததும் டிக்கெட்டில் இருக்கும் கியூஆர் குறியீட்டைப் படம் பிடித்து அப்பாவின் கைப்பேசிக்கு அனுப்பி வையுங்கள். வழியில் உங்கள் கைப்பேசி மின்சாரம் தீர்ந்து அணைந்தாலும் வேறு ஒருவரிடம் டிக்கெட் இருக்கும். வண்டி எத்தனை மணிக்கு வருகிறது என்று அம்மா அவரிடம் பத்து முறை கேட்கும்போது, அதைத் திறந்து காட்டிவிடுவார்.